தொலைவில் இருக்கும் அப்பாவின் தாலாட்டு: புதுக்கவிதையா, சினிமா மெட்டா, கண்ணியா?

வளைகுடாவில் வேலை, ஊரில் தலைப்பிள்ளை. பிறந்த குழந்தைக்குத் தன் கையால் ஒரு தாலாட்டு எழுதி அனுப்ப நினைக்கும் அப்பாவுக்கு மூன்று வழிகள் உண்டு. புதுக்கவிதையாக எழுதலாம், தெரிந்த சினிமா மெட்டில் புதுச் சொற்களைப் போடலாம், நாட்டுப்புறத் தாலாட்டைப்போல, நான்கு சிறு வரி சேர்ந்தது ஒரு கண்ணி என்று கண்ணி கண்ணியாகக் கட்டலாம். நான் கண்ணியின் பக்கம். பிள்ளைத்தமிழில் தால் பருவம் என்றே ஒரு பகுதி இருக்கிறது, ஆனால் அந்த விருத்தங்களைக் கட்ட யாப்புப் பயிற்சி வேண்டும் என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

புதுக்கவிதை அப்பாவின் மனதுக்கு நல்லது. பிரிவு, குற்ற உணர்வு, முகம் பார்க்காத ஏக்கம் எல்லாவற்றையும் அது தாங்கும். அதை மனைவிக்கோ, பிற்காலத்தில் பிள்ளை படிப்பதற்கோ கடிதமாக எழுதி வையுங்கள். தொட்டிலருகே அதைப் பாட முடியாது. சினிமா மெட்டு எல்லாருக்கும் தெரிந்தது என்பது அதன் வசதி, அதுவே அதன் குறையும். இரண்டாவது இரவிலேயே பாடுபவர் வாயில் பழைய வரிகள் வந்து உட்கார்ந்துவிடும்.

தொட்டிலை ஆட்டுவது யார் என்பதில்தான் விஷயம் முடிவாகிறது. தலைப்பிரசவம் பெரும்பாலும் தாய்வீட்டில். முதல் மூன்று மாதம் அம்மாச்சியும் அம்மாவும் பாடுவார்கள், பிறகு அப்பாவைப் பெற்ற அப்பத்தா பாடுவார். பாட்டில் "நான் இங்கே பாலையில் உன்னை நினைத்து" என்று எழுதினால் அம்மாச்சி வாயில் அந்த "நான்" யார்? சரி, "அப்பா" என்று மாற்றினாலும் வினைமுற்றில் சிக்கும். அறந்தாங்கிப் பக்கத்து வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மருமகனை அம்மாச்சி "நிப்பாரு" என்பார், மனைவி "நிப்பாக" என்பார், பெற்ற தாய் "நிப்பான்" என்பார். மூவரும் பாட வேண்டிய வரியில் இந்த மூன்றில் எதை எழுதினாலும் மற்ற இருவருக்கும் நாக்கில் இடறும்.

தப்பிக்க வழி நம் மொழியிலேயே இருக்கிறது. அப்பாவைப் பற்றிய வினையை முற்றாக முடிக்காமல் ஏறும், சேர்த்த என்று பெயரெச்சமாக வையுங்கள், அல்லது "ஆச்சு" என்று முடியுங்கள். இவற்றில் ஆளும் இல்லை, மரியாதை வேறுபாடும் இல்லை. அந்த அப்பா தோகாவில் டவர் கிரேன் ஓட்டுபவர், குழந்தை பெண் என்று வைத்துக்கொண்டு கட்டிப் பார்ப்போம். முதலில் எழுத வருவது இப்படி இருக்கும்:

கடலுக்கு அந்தப் பக்கம் – அப்பா
கம்பியேணி ஏறி நிப்பார்
உடம்பெல்லாம் வேர்த்தாலும் – கண்ணே
உன்பேரைச் சொல்லி நிப்பார்

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்பத்தா பாட மாட்டார். திருத்தினால்:

கடலுக்கு அந்தப் பக்கம் – அப்பா
கம்பியேணி ஏறும் பக்கம்
உடம்பெல்லாம் வேர்வை முத்து – அது
உனக்குன்னு சேர்த்த சொத்து

"நிப்பார்" போனது, யார் வேண்டுமானாலும் பாடலாம். கடலுக்கு, உடம்பெல்லாம் என்று இரண்டாம் எழுத்து எதுகையில் பிடித்துக்கொள்கிறது. கடலுக்கு, கம்பி, உடம்பு, உனக்கு என்று மோனை அடுத்த வரியை எடுத்துக்கொடுக்கிறது. எழுதாப் பாட்டு நினைவில் நிற்பது இந்த இரண்டு பிடியால்தான். முத்து என்ற சொல் வெறும் அலங்காரமாக வரவில்லை, எண்ணெய் வருவதற்கு முன் கத்தாரின் பிழைப்பே முத்துக்குளிப்புதான்.

பழைய தாலாட்டில் அப்பாவுக்கு இடம் குறைவு, சீர் கொண்டுவரும் மாமனுக்கே முதல் மரியாதை. அதனால் மாமனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அப்பாவை வைக்க நினைக்காதீர்கள். பாடப்போவது மாமன் வீட்டில். முதல் கண்ணியை அவருக்கே கொடுங்கள்:

மாமன் தந்த தொட்டிலிலே – பச்ச
மாந்தளிரே கண்ணுறங்கு
சாமம் வந்து தட்டும்முன்னே – எங்க
சாமந்தியே கண்ணுறங்கு

வரியின் நீளத்தை எழுத்தை எண்ணிப் பார்க்க வேண்டாம், தொட்டிலை வைத்துப் பாருங்கள். கொக்கியிலிருந்து குழந்தை வரை சுமார் 2 மீட்டர் இருக்கும் சேலைத் தொட்டில் ஒருமுறை போய்வர ஏறக்குறைய 3 விநாடி ஆகும். ஒரு சிறு வரி அந்த ஒரு போய்வரவுக்குள் அடங்க வேண்டும். அப்படியானால் ஒரு கண்ணிக்கு 12 விநாடி, எட்டுக் கண்ணிக்கு ஒன்றரை நிமிடம். முதல்முறை எழுதுபவருக்கு எட்டு போதும், தூங்கவில்லை என்றால் திரும்ப முதலிலிருந்து பாடுவார்கள். வரி நீண்டுவிட்டதா என்பது எளிதாகத் தெரியும். பாடுபவர் வரியின் நடுவில் மூச்சு எடுப்பார், தொட்டில் கை ஒரு கணம் நிற்கும். உடனே ஒரு சொல்லை எடுத்துவிடுங்கள், பெரும்பாலும் அது "அழகிய", "இனிய" மாதிரி ஒரு அடைமொழியாகத்தான் இருக்கும்.

கண்ணியை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம், அதைப் பின்னால் மாற்றலாம். ஊருக்கு வர ஒரு வருடமோ இரண்டோ ஆகலாம், அதற்குள் குழந்தை வளர்ந்துவிடும். புதுக்கவிதையில் நடுவில் ஒரு பத்தியைச் செருகினால் மொத்தமும் ஆட்டம் காணும். கண்ணி தனித்தனி மணி, ஒன்றைக் கோத்து ஒன்றைக் கழற்றலாம். நான்காம் மாதம் வாக்கில் குப்புற விழுந்த சேதி வந்தால், கொழுக்கட்டை செய்யும் வீடாக இருந்தால், இதைச் சேர்க்கலாம்:

குப்புறத்தான் கவுந்தாச்சு – வீட்டில்
கொழுக்கட்டையும் வெந்தாச்சு
அப்புறமும் என்ன கோபம் – அப்பா
அனுப்பிவச்ச முத்தம் வந்தாச்சு

கடைசி வரி நீளம். பாடிப் பார்த்தால் "வச்ச" இடறுவது தெரியும். "அனுப்பும் முத்தம் வந்தாச்சு" என்று சுருக்கினால் சரியாகிவிடும்.

அப்பாவின் குரலிலும் ஒரு பதிவு போகட்டும். அழைப்பிலேயே பாட நினைத்தால் இரண்டு தடைகள் உண்டு. தோகா நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்னால். இங்கே குழந்தையை இரவு 8.30-க்குத் தூங்கவைத்தால் அங்கே மாலை 6, வேலை முடிந்து பேருந்தில் வரும் நேரம். அடுத்தது, அழைப்பில் இரைச்சலை அடக்கும் வசதி "ஆராரோ" என்று இழுக்கும் நீண்ட ஒலியையும் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அங்கங்கே அறுத்துவிடும். கைப்பேசியின் ஒலிப்பதிவுச் செயலியில், வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிவைத்து, ஏசியை நிறுத்திவிட்டுப் பாடி, கோப்பாக அனுப்புங்கள். அம்மாவின் குரல் குழந்தைக்கு வயிற்றிலேயே பழகியது, அப்பாவின் குரல் அப்படி இல்லை. பதிவைக் கேட்டு வளர்ந்த பிள்ளை விமான நிலையத்தில் தாவி வரும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். முதல் வாரம் அழுதால் அதற்காகப் பாட்டைக் குறை சொல்ல வேண்டாம்.

அப்பா வரும் நாளை மட்டும் இப்போதே பாட்டில் வைக்காதீர்கள். "சித்திரைக்கு வந்திருவார்" என்று எழுதி விடுப்பு தள்ளிப்போனால், தினமும் அந்த வரியைப் பாடும் மனைவிக்கு அது வலி. அந்த ஒரு கண்ணியை டிக்கெட் கைக்கு வந்த பிறகு எழுதி அனுப்புங்கள்.