துளிரை மட்டும் பார்த்து ஒட்டுக்கன்று வாங்காதீர்கள்

மா ஒட்டுக்கன்றும் கொய்யாப் பதியமும் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஒரு நர்சரியிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு வந்த கன்றுகளில் பெரும்பாலானவை ஒரு மாதத்துக்குள் போய்விட்டன. விற்கும்போது "பிடித்த ஒட்டு, துளிரைப் பாருங்கள்" என்றார்கள். காய்ந்த பிறகு கேட்டால், "நீங்கள் தண்ணீர் சரியாக விடவில்லை" என்கிறார்கள்.

தண்ணீர் காரணமில்லை என்பது கன்றைப் பார்த்தாலே தெரியும். மாங்கன்றுகளில் நாடா சுற்றிய இடத்துக்கு மேலேதான் எல்லாம் வாடியிருந்தது. கீழே வேரோடு இருக்கும் வேர்ச்செடி பச்சையாக இருந்தது, பக்கத்துளிர்கூட விட்டிருந்தது. தண்ணீர் போதாமல் இருந்திருந்தால் வேர்ச்செடியும் சேர்ந்து வாடியிருக்கும். நாடாவைப் பிரித்து, வேர்ச்செடிமேல் செருகிய நல்ல ரகக் கிளைத்துண்டான ஒட்டுக்குச்சியை லேசாக இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. ஆப்பு வடிவில் சீவிய இரண்டு முகமும் கத்தி பட்ட வழுவழுப்பு மாறாமல், கறுத்துப் போயிருந்தன. பிடித்த ஒட்டு இப்படி உருவி வராது. பலமாக இழுத்தால் நார் கிழிந்துதான் வரும்.

பிறகு எப்படித் துளிர்த்தது? ஒட்டுக்குச்சியில் ஏற்கெனவே உணவு சேமிப்பு இருக்கிறது. மேலே பாலித்தீன் குழாய் மாட்டி ஈரம் காத்தால், ஒட்டு கூடாமலே இரண்டு மூன்று வாரத்தில் அந்தச் சேமிப்பில் முதல் துளிர் வந்துவிடும். உறையைக் கழற்றி வெயிலில் வைத்ததும் இலை தண்ணீர் கேட்கும், கீழிருந்து ஏறுவதற்கு வழி இருக்காது. அந்தச் செம்பு நிறத் துளிரைக் காட்டித்தான் எங்களுக்கு விற்றார்கள். முதல் இலைகள் முற்றிக் கரும்பச்சையாகி, அடுத்த துளிரும் வந்த பிறகுதான் கன்று விற்பனைக்குத் தகுதி.

ஒட்டு ஏன் கூடவில்லை என்பதற்கும் அந்தக் குச்சிகளிலேயே விடை இருந்தது. வேர்ச்செடிகள் கொட்டை முளைத்துச் சில வாரமே ஆன மெல்லிய தண்டுகள். செருகியதோ அவற்றைவிடப் பருமனான குச்சி. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் மெல்லிய வளர்திசுப் படலம்தான் ஒன்றோடு ஒன்று சேர வேண்டும். பருமன் ஒத்துப்போனால் இருபக்கமும் சேரும். ஒத்துப்போகாவிட்டால் ஒரு பக்கத்தையாவது ஓரத்தோடு ஓரம் வைக்க வேண்டும். இங்கே நடுவில் செருகியதால் எந்தப் பக்கமும் சேரவில்லை. சில குச்சிகளில் சீவல் நேராக இல்லாமல் குழிந்திருந்தது; அந்த இடைவெளியில் நீர் இறங்கினால் அழுகல்தான். குச்சி எடுக்கும் தாய்மரத்தில் 7 முதல் 10 நாள் முன்பே இலைத்தாளை வெட்டிக் காம்பை மட்டும் விட்டு வைத்தால் மொட்டுகள் பருத்துத் தயாராகும். அவசரக்காரர்கள் முதலில் விடுவது இந்த வேலையைத்தான்.

இன்னொரு ஏமாற்று: மேல் குச்சி செத்தபின் வேர்ச்செடியிலிருந்து வரும் துளிரை வளர்த்து ஒட்டு என்றே விற்பது. இலை எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். ஒட்டுத் தழும்புக்குக் கீழே என்றால் அது வெறும் நாட்டுக்கன்று.

மரத்துக் கிளையிலேயே பட்டை உரித்து, ஈரப் பாசி சுற்றி வேர்விட வைத்துப் பிரிக்கும் கொய்யா விண்பதியத்தில் நடந்தது வேறு. பையைக் கிழித்தபோது பாசியைச் சுற்றிய பாலித்தீன் அப்படியே உள்ளே இருந்தது. நாலைந்து வெள்ளை வேர், அதுவும் ஒரே பக்கம். சிலவற்றில் வளையமாக உரித்த இடத்தில் பட்டை மறுபடி கூடியிருந்தது. பென்சில் பருமனுள்ள கிளையில் 2 முதல் 3 செ.மீ. அகலத்துக்குப் பட்டையை முழு வளையமாக உரித்து, கட்டை மேல் வழுக்கும் படலத்தையும் சுரண்டி எடுக்க வேண்டும். சுரண்டாவிட்டால் பட்டை கூடி, இலை செய்யும் உணவு கீழே போய்விடும், வெட்டின் மேல்விளிம்பில் வேர் இறங்காது. வேர்கள் பழுப்பேறிக் கிளைவிட்ட பிறகு முதலில் கிளையில் பாதி வரை வெட்டி, ஒரு வாரம் கழித்து முழுதும் பிரித்து, இலைகளைக் குறைத்து நிழலில் தேற்ற வேண்டும். எங்களுக்கு வந்தவை எல்லாம் தேறாதவை.

குச்சிக்குப் பதில் ஒரு மொட்டை மட்டும் வைத்துக் கட்டிய கன்றென்றால் ஒரு சோதனை போதும். வைத்த மொட்டின் இலைக்காம்பைத் தொட்டதும் உதிர்ந்தால் உயிர் இருக்கிறது. சுருங்கி ஒட்டிக்கொண்டிருந்தால் போய்விட்டது.

வாங்குமுன் ஒரு கன்றிலாவது நாடாவைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்; மறுத்தால் வந்துவிடுங்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் உருவி வந்த குச்சியின் முகத்தைப் படம் எடுத்து வையுங்கள், "தண்ணீர் விடவில்லை" என்பதற்கு அதுவே பதில். வேர்ச்செடி உயிரோடிருந்தால் பிடுங்கிப் போடாதீர்கள். கீழே வந்த துளிர்களில் திடமான ஒன்றை மட்டும் விட்டு, அதன் இளந்தண்டு செம்பு நிறத்தில் இருக்கும்போதே, அதே பருமனில் குச்சி எடுத்து மறுபடி ஒட்டலாம்.