மாறும் பக்கமா, உறைந்த திருத்தமா?

விக்கிப்பீடியாக் கட்டுரையின் ஒரு வரியை மறுத்து எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான முகவரியைத் தந்தால், நாளை யாராவது அந்த வரியைத் திருத்தியதும் உங்கள் மறுப்பு எதைப் பற்றியது என்றே வாசகருக்குப் புரியாது. பக்கத்தின் வரலாற்றில் தேதியைச் சொடுக்கினால் கிடைக்கும் முகவரியில் திருத்த எண் இருக்கும்:

```
index.php?oldid=12345
```

இதில் நீங்கள் படித்த அதே சொற்கள் திறக்கும். ஆனால் முழுப் பக்கமும் உறைவதில்லை. பல பக்கங்களில் பொதுவாகச் செருகப்படும் வார்ப்புருக்களும் படங்களும் இன்றைய நிலையிலேயே வரும். ஆகவே விக்கித்தரவு என்ற பொதுத் தரவுக் களஞ்சியத்திலிருந்து வார்ப்புரு வழியாக வரும் மக்கள்தொகை போன்ற எண்ணைக் குறிப்பிட்டால், அதை உங்கள் உரையிலேயே எழுதிவிடுங்கள். பக்கம் நீக்கப்பட்டால் இந்தத் தொடுப்பும் பயன்படாது.

வாசகர்களை மேலும் படிக்கச் சொல்லி அனுப்பும்போது மட்டும் நான் மாறும் பக்கத்தையே தருவேன். பிழை திருந்திய வடிவம்தானே அவர்களுக்கு வேண்டும்.