காசோலையைப் படிக்க மூன்று வழிகள்: முரண்பாடு எதில் சிக்கும்?

மொத்த வியாபாரக் கடைக்கு ஒரு காசோலை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டத்துக்குள் 1,50,400/- என்று எண்ணில் இருக்கிறது. எழுத்தில் ‘ஒன் லேக் ஃபைவ் தௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஒன்லி’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். பில் தொகை ஒன்றரை லட்சத்து நானூறு. எழுதியவர் ‘ஃபிஃப்டி’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ஃபைவ்’ என்று எழுதிவிட்டார்.

1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம், பிரிவு 18-இன்படி, எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்தில் உள்ளதுதான் தொகை. ஆனால் நடைமுறையில் வங்கிகள் இப்படிப்பட்ட காசோலையைப் பெரும்பாலும் பணம் தராமல் திருப்பி அனுப்பிவிடும். அதனால் கடைக்கு வரும் காசோலைகளைப் படித்துச் சரிபார்க்கும் மென்பொருள், ‘எழுத்துதான் செல்லும்’ என்று தானாக ஒரு தொகையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. வங்கியில் போடுவதற்கு முன்பே முரண்பாட்டைச் சொன்னால் வாடிக்கையாளரிடம் வேறு காசோலை கேட்டு வாங்கலாம். இதே காசோலையை மூன்று வழிகளில் படிக்கவைத்துப் பார்ப்போம்.

முதல் வழி, இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டச்சு செய்து, இருவரின் பதிவையும் கணினி ஒப்பிடுவது. கையெழுத்தைப் படிப்பதில் பழகிய கண்ணுக்கு இன்னும் நல்ல மரியாதை உண்டு. ஆனால் இந்த வழி பிடிப்பது தட்டச்சுப் பிழையை மட்டும்தான். நம் காசோலையை இருவரிடமும் முழுசாகக் கொடுத்தால் இருவரும் கட்டத்தைப் பார்த்து 150400 என்று அடிப்பார்கள். பிறகு எழுத்து வரியின் மேல் கண்ணை ஓட்டுவார்கள். ‘ஒன் லேக் ஃபை...’ என்பதுவரை போனதும் மீதியை மனமே நிரப்பிக்கொள்ளும். இரண்டு பதிவும் ஒத்துப்போகும், பிழை உள்ளே இருக்கும். இதற்கு மாற்று எளியது. ஒருவருக்கு எழுத்து வரியை மட்டும் காட்டுங்கள், மற்றவருக்கு எண் கட்டத்தை மட்டும் காட்டுங்கள். ஆள் கூடுதலாக வேண்டாம், கண்டுபிடிக்கும் திறன் மட்டும் கூடும்.

இரண்டாவது வழி, படத்தைப் பகுதி பகுதியாக வெட்டி ஒவ்வொன்றையும் எழுத்துணரி மென்பொருளிடம் கொடுப்பது. காசோலைக்குப் பதிலாக அதன் படத்தை வங்கிகளுக்கிடையே அனுப்பும் முறைதான் சிடிஎஸ். இந்தியாவில் அதற்கான சிடிஎஸ்-2010 தரத்தில் அச்சான காசோலை 202 மி.மீ. அகலம், 92 மி.மீ. உயரம். 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 2386 பிக்சல் அகலம் வரும். தேதிக்கு வலது மேல் மூலையில் எட்டுக் கட்டங்கள், அடியில் காந்த மையில் அச்சிட்ட எண் பட்டை. அளவு ஒன்றாக இருப்பதால் வெட்டும் இடத்தை விகிதமாகக் குறித்துவைக்கலாம். வங்கிக்கு வங்கி சிறிது நகரும், அவ்வளவுதான்.

இந்த வழியில் எண் பட்டை அச்சாக இருப்பதால் எளிதில் வந்துவிடும், அந்த எழுத்துருவுக்குப் பயிற்சி பெற்ற கோப்பு இருந்தால். சிக்கல் கையெழுத்தில்தான். டெசராக்ட் போன்ற எழுத்துணரி மென்பொருள்கள் அச்செழுத்துக்கென்று உருவானவை. கையெழுத்துக்கென்று பயிற்றுவித்த தனிச் செயற்கை அறிவு மாதிரி வேண்டும். கையெழுத்து மாதிரியை வைத்தாலும் ஒரு பொறி காத்திருக்கிறது. தொகைக்குப் பின்னால் நாம் போடும் ‘/-’ குறியின் சாய்கோடு 1 ஆகப் படிக்கப்படலாம். அப்போது 150400 என்பது 1504001 ஆகிவிடும். இலக்கங்களை மட்டுமே அனுமதி என்று கட்டுப்படுத்தினால் இது இன்னும் மோசமாகும், ஏனென்றால் சாய்கோட்டையும் ஏதாவது ஓர் இலக்கமாக்கியே தீர வேண்டிய நிலை. சாய்கோடு, கிடைக்கோடு, காற்புள்ளி மூன்றையும் அனுமதித்துப் படிக்கவிட்டு, பிறகு நீக்குவதே சரி. காற்புள்ளி இருக்கும் இடமும் ஒரு சாட்சி: 1,50,400 என்று லட்ச முறையில் சரியாக விழுந்திருந்தால் இலக்கம் எதுவும் விடுபடவில்லை என்று ஓரளவு நம்பலாம்.

மூன்றாவது வழி, படத்தையும் மொழியையும் சேர்த்துப் புரிந்துகொள்ளும் பெரிய மாதிரியிடம் காசோலையை முழுசாகக் கொடுத்து எல்லா விவரங்களையும் ஒரே மூச்சில் கேட்பது. கோணலாக எடுத்த படம், கட்டத்துக்கு வெளியே வழிந்த எழுத்து, ‘லேக்’ என்பதை இரண்டு விதமாக எழுதுவது, எதற்கும் தனியாக விதி எழுத வேண்டியதில்லை. படிக்கும் திறமையில் மூன்றில் இதுவே முந்தி நிற்கிறது.

ஆனால் முரண்பாட்டைப் பிடிப்பதில் இதுதான் ஆபத்தானது. எண்ணும் எழுத்தும் ஒத்திருப்பதே வழக்கம் என்று அது கற்றிருக்கிறது. கட்டத்தில் 1,50,400 தெளிவாகத் தெரிய, எழுத்து வரி கிறுக்கலாக இருந்தால், ‘ஃபைவ்’ இருந்த இடத்தில் ‘ஃபிஃப்டி’ என்று திருத்திக் கொடுக்க வாய்ப்பு அதிகம். ‘இரண்டும் ஒத்துப்போகிறதா?’ என்று அதையே கேட்டால், ஆம் என்ற பதிலும் வரும். நாம் தேடும் பிழையை நம் கருவியே அழித்துவிடுகிறது. அதைவிட மோசம், இந்தக் குறை சாதாரணச் சோதனையில் தெரியாது. வரும் காசோலைகளில் பெரும்பாலானவை ஒத்துப்போகிறவை. எண்ணைப் பார்த்து எழுத்தை இட்டுக்கட்டும் கருவிகூட அவற்றில் முழு மதிப்பெண் வாங்கும். எனவே எந்த வழியை எடுத்தாலும், வேண்டுமென்றே எண்ணும் எழுத்தும் மாற்றி எழுதிய மாதிரிக் காசோலைகளைச் சோதனையில் கலந்து, அவற்றில் எத்தனை பிடிபட்டன என்று தனியாக எண்ணிப் பாருங்கள். ஐந்து–ஐம்பது, பதினைந்து–ஐம்பது, விட்டுப்போன ‘ஹண்ட்ரட்’ ஆகியவை கட்டாயம் இருக்கட்டும்.

என் தேர்வு இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தது. இரண்டாவது வழிபோல் வெட்டுங்கள்; எழுத்து வரியையும் எண் கட்டத்தையும் பெரிய மாதிரியிடம் தனித்தனி அழைப்பில் அனுப்புங்கள், ஒன்றைப் படிக்கும்போது மற்றது அதன் கண்ணில் படவே கூடாது. ‘எழுதியபடியே கொடு, திருத்தாதே, தெரியாத சொல்லுக்குக் கேள்விக்குறி இடு’ என்று சொல்லுங்கள். இந்தத் துண்டுகளில் கணக்கு எண்ணோ கையொப்பமோ இல்லாததால், வெளி சேவைக்கு அனுப்பும் தயக்கமும் குறைகிறது. சொற்களை எண்ணாக்குவதும் ஒப்பிடுவதும் சாதாரண நிரலின் வேலை:

```python
if words is None or figures is None:
    status = "UNREAD"
elif words != figures:
    status = "MISMATCH"
else:
    status = "OK"
```

`UNREAD` தனியாக இருப்பது முக்கியம். படிக்க முடியாததையெல்லாம் முரண்பாடு என்று கொட்டினால், சரிபார்ப்பவர் சில நாளில் எச்சரிக்கையைப் பார்க்காமலே தள்ளிவிடப் பழகிவிடுவார்.

தேதிக்கு மாதிரியின் தீர்ப்பு வேண்டாம். எட்டு இலக்கம் வந்தால் போதும். நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் அது உண்மையான தேதியா, எதிர்காலத் தேதியா, மூன்று மாதம் தாண்டிவிட்டதா என்று நிரல் பார்க்கும். 2012 ஏப்ரல் 1 முதல் செல்லுபடிக் காலம் மூன்று மாதம். அதை 90 நாள் என்று எழுதாமல் மாதக் கணக்கிலேயே எழுதுங்கள். அமெரிக்கக் காசோலைக்கென்று தயாரான சேவைகளில் மாதம் முன்னால் வரும் என்ற எதிர்பார்ப்பு இருக்கக்கூடும், லட்சமும் பழக்கமிருக்காது. மைக்ரோசாஃப்ட் அசூரின் `prebuilt-check.us` மாதிரி, பெயரிலேயே அதைச் சொல்லிவிடுகிறது.

பெறுநர் பெயருக்கு ஒப்பிட இரண்டாவது இடம் காசோலைக்குள் இல்லை. உங்கள் நிறுவனம் வங்கியில் பதிவு செய்திருக்கும் பெயரோடுதான் ஒப்பிட வேண்டும். ‘அன் கோ’, ‘அண்டு கம்பெனி’ போன்ற வேறுபாட்டைச் சமமாக்கிய பிறகும் பெயர் ஒத்துவராவிட்டால் ஆள் பார்க்கட்டும். அடித்துத் திருத்திய தடம் தெரிந்தாலும் அப்படியே: சிடிஎஸ் வழியாகப் போகும் காசோலையில் தேதியைப் புதுப்பிப்பதற்கு மட்டுமே திருத்தம் ஏற்கப்படும். பெயரிலோ தொகையிலோ அடித்தல் இருந்தால், கையொப்பம் போட்டிருந்தாலும், புதிய காசோலை கேளுங்கள்.