பாலைக் கன்றும் இரண்டு சுட்டிகளும்: மாறற்றிறன்–இடை விகிதமா, மொரிசிட்டாவா?

முல்லைத்தீவுப் பக்கம் ஒரு குளக்கட்டை ஒட்டிய காடு. பாலையும் வீரையும் முதிரையும் கலந்து நிற்கிற, வன்னியில் எங்கும் பார்க்கிற காடுதான். அதில் 50 மீட்டருக்கு 50 மீட்டர் துண்டொன்றை அளந்து கயிறு கட்டி, 1 மீட்டர் பக்கமுள்ள பிவிசி குழாய்ச் சட்டத்தை 20 இடத்தில் வைத்துப் பாலைக் கன்றுகளை எண்ணுகிறோம் என்று வையுங்கள். குவாட்ரட் என்று பாடத்தில் படித்தது இந்தச் சட்டத்தைத்தான். கேள்வி ஒன்றே ஒன்று: கன்றுகள் கூட்டமாக நிற்கின்றனவா, எழுந்தமானமாகச் சிதறி நிற்கின்றனவா, அல்லது நட்டு வைத்தது போல ஒரே இடைவெளியில் நிற்கின்றனவா?

இதற்கு வழக்கமாகச் சொல்லிக்கொடுப்பது மாறற்றிறனை இடையால் வகுக்கும் விகிதம். அதற்குப் போட்டியாக இருப்பது ஜப்பானியச் சூழலியலாளர் மொரிசிட்டா 1959இல் தந்த சுட்டி. இரண்டுக்கும் வேண்டியது அதே எண்கள்தான். ஆனால் அவை ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. அது தெரியாமல் ஒன்றை மற்றதன் இடத்தில் வைத்து எழுதிய அறிக்கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் எழுதியிருக்கிறேன்.

முதலில் எண்கள். கணக்கு புரிவதற்காகச் சிறிதாக வைத்திருக்கிறேன். மாரி முடிந்து கன்றுகள் நன்றாக முளைத்திருக்கும் நேரத்தில் 20 சட்டங்களிலும் கிடைத்தது இது: ஏழு சட்டங்களில் ஒன்றுமில்லை, ஐந்தில் ஒவ்வொன்று, இரண்டில் இரண்டிரண்டு, இரண்டில் மும்மூன்று, மிச்ச நான்கில் 4, 5, 7, 9. மொத்தம் 40 கன்று, இடை 2. மாறற்றிறன் 6.42. வகுத்தால் 3.21.

இந்த விகிதத்தின் பின்னால் இருக்கும் எண்ணம் எளிது. கன்றுகள் ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் எழுந்தமானமாக விழுந்திருந்தால் எண்ணிக்கைகள் புவாசோன் பரம்பலைப் பின்பற்றும். அதில் மாறற்றிறனும் இடையும் சமம், அதனால் விகிதம் 1 அளவில் வரும். கூட்டமாக நின்றால் சில சட்டங்கள் வழிந்து பல வெறுமையாகும், விகிதம் 1ஐத் தாண்டும். சீராக நின்றால் எல்லாச் சட்டமும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டும், விகிதம் 1க்குக் கீழே போகும்.

3.21 தற்செயலாக வந்திருக்கலாமா என்று பார்க்க, சட்டங்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து விகிதத்தோடு பெருக்க வேண்டும். 19 × 3.21 = 61. கைவர்க்க அட்டவணையில் சுயாதீனப் படி 19க்கு, 5 வீத மட்டத்தில் இரு பக்க எல்லைகள் 8.91, 32.85. இரண்டுக்கும் இடையில் விழுந்தால் எழுந்தமானம் என்பதை மறுக்க முடியாது. 61 மேல் எல்லைக்கு வெகுதூரம் மேலே. கூட்டம்தான், சந்தேகமில்லை. காட்டுக்குப் பழகிய ஐயா ஒருவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்: “கரடி பழம் திண்டு கழிச்ச இடத்தில கன்று கூட்டமாத்தானே நிக்கும் தம்பி, அதுக்கு ஏன் கணக்கு?” சரி, இது வரைக்கும் ஐயாவும் விகிதமும் ஒரே பக்கம்.

சிக்கல் கோடையில் வருகிறது. வெயிலில் கன்றுகள் காய்கின்றன, மான் மேய்கிறது, நாலில் ஒன்றுதான் மிஞ்சுகிறது. அதே 20 சட்டங்களைத் திரும்ப எண்ணுகிறோம். 9 இருந்த இடத்தில் 3, 7 இருந்ததில் 2, 5 இருந்ததில் 2, இன்னும் மூன்று சட்டங்களில் ஒவ்வொன்று. மொத்தம் 10, மற்ற 14 சட்டமும் வெறுமை. இடை 0.5, மாறற்றிறன் 0.79, விகிதம் 1.58. பத்தொன்பதால் பெருக்கினால் 30. எல்லை 32.85. ஆக, சோதனை சொல்லும் முடிவு: எழுந்தமானம் என்பதை மறுக்க இடமில்லை.

இதை “கோடையில் கூட்டம் கலைந்து பரவல் எழுந்தமானமாக மாறிவிட்டது” என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் அப்படி எதுவும் நடக்கவில்லை. எந்தக் கன்றும் நடந்து வேறிடம் போகவில்லை. எங்கும் ஒரே வீதத்தில் செத்ததுதான் நடந்தது. இப்படிச் சமவாய்ப்பில் செடிகள் குறையும்போது, விகிதம் 1ஐத் தாண்டி நிற்கும் பகுதியும் அதே அளவுக்குக் குறையும். 3.21இல் அந்தப் பகுதி 2.21. நாலில் ஒன்றாக்கினால் 0.55 வரும், அதாவது 1.55ஐ எதிர்பார்க்கலாம். நமக்குக் கிடைத்தது 1.58. கணக்கு தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. நாம்தான் அதனிடம் வேறொன்றைக் கேட்டோம்.

இப்போது மொரிசிட்டா. ஒவ்வொரு எண்ணையும் வர்க்கித்துக் கூட்டி, அதிலிருந்து மொத்தக் கன்றுகளைக் கழித்து, சட்டங்களின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். அதை, மொத்தத்தின் வர்க்கத்திலிருந்து மொத்தத்தைக் கழித்தால் வருவதால் வகுக்க வேண்டும். மாரியில் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 202. எனவே 20 × 162 / 1560 = 2.08. கோடையில் அது 20. எனவே 20 × 10 / 90 = 2.22.

மாரியில் 2.08, கோடையில் 2.22. ஏறத்தாழ அப்படியே நிற்கிறது. அதன் பொருளையும் வாயால் சொல்லிவிடலாம்: இரண்டு கன்றுகளை எடுத்தால் அவை ஒரே சட்டத்துக்குள் இருக்கும் வாய்ப்பு, எழுந்தமானப் பரவலில் இருப்பதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. செடிகள் சமவாய்ப்பில் குறைந்தாலும் இந்த மடங்கு மாறாது. இரண்டு பருவங்களையோ, அடர்த்தி வேறான இரண்டு காடுகளையோ ஒப்பிட நான் இதைத்தான் எடுப்பேன்.

அப்போ விகிதத்தைத் தூக்கிப் போடலாமா? இல்லை. மொரிசிட்டா சுட்டியின் நம்பகத்தைச் சோதிக்கும் சூத்திரத்தில் கோடை எண்களைப் போட்டால் வருவதும் அதே 30தான். மாரிக்கு அதே 61. சோதனை என்ற அளவில் இரண்டும் ஒன்றே. 2.22 என்ற எண் திடமாகத் தெரிந்தாலும் அது பத்தே கன்றுகளின் மேல் நிற்கிறது. ஒரு கன்று இடம் மாறினால் சுட்டியும் கணிசமாக ஆடும். எனவே இரண்டையும் சேர்த்து எழுதுவதே நேர்மை: கூட்டத்தின் அளவு குறைந்ததாகத் தெரியவில்லை, ஆனால் கோடை எண்களை மட்டும் வைத்துக் கூட்டம் என்று நிரூபிக்கவும் முடியாது. மொரிசிட்டாவுக்கு மாறியவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் பாதியை மறந்துவிடுகிறார்கள்.

விரிதாளில் போட இவ்வளவுதான்:

```
=VAR.S(A1:A20)/AVERAGE(A1:A20)
=20*(SUMSQ(A1:A20)-SUM(A1:A20))/(SUM(A1:A20)^2-SUM(A1:A20))
```

`VAR.P` போட்டால் விகிதம் கொஞ்சம் குறையும், பெரிய ஆபத்தில்லை. பெரிய ஆபத்து வெறுஞ்சட்டங்களில் இருக்கிறது. வெயிலில் நிற்கும்போது “இதில ஒண்டுமில்லை, அடுத்தது” என்று எழுதாமல் நகர்ந்துவிடுவோம். விரிதாளும் வெற்றுக் கட்டத்தைக் கணக்கில் சேர்க்காது. கோடை எண்களில் 14 பூச்சியங்களையும் விட்டுவிட்டால் விகிதம் 0.4 ஆகிவிடும். கரடி கழித்த இடத்தில் முளைத்த கன்றுகள் தோட்டக்காரர் நட்டது போலச் சீராகத் தெரியும்! குறிப்பேட்டில் சட்டத்தின் எண்ணிக்கை 20க்குக் குறைவாக இருந்தால் முதலில் பூச்சியங்களைத் தேடுங்கள்.

இரண்டு சுட்டிகளாலும் காப்பாற்ற முடியாதது சட்டத்தின் அளவு. இதற்குக் காட்டை விட்டுத் தேக்கந் தோட்டத்துக்கு வருவோம். இரண்டு பக்கமும் 2.5 மீட்டர் இடைவெளியில் வரிசையாக நட்டிருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். சீரான பரவலுக்கு இதைவிடத் தெளிவான காட்சி கிடையாது. அதில் அதே 1 மீட்டர் சட்டத்தை எழுந்தமானமாக வைத்தால் ஒரு சட்டத்துக்குள் 0 அல்லது 1 மரம் வரும், அதற்கு மேல் வர இடமில்லை. இடை 0.16. விகிதம் 0.84 அளவில் வரும். 19ஆல் பெருக்கினால் 16. எல்லைகளுக்கு நடுவில் வசதியாக உட்கார்ந்துகொண்டு “எழுந்தமானம்” என்கிறது. வரிசைக்கு நேராக 5 மீட்டர் சட்டம் வைத்தால் எங்கு வைத்தாலும் நான்கு மரம், மாறற்றிறன் பூச்சியம், விகிதமும் பூச்சியம்.

அதாவது சட்டம் செடிகளின் இடைவெளியைவிடச் சிறிதானால் சீரும் தெரியாது, கூட்டமும் மங்கும். எந்த அளவில் கூட்டம் இருக்கிறது என்றே தெரியாத காட்டில், கிரெய்க்-ஸ்மித் 1952இல் காட்டிய வழி நல்லது. சட்டங்களைத் தனித்தனியாக வைக்காமல் ஒட்டியொட்டி வலையாக வைத்து எண்ணி, பிறகு இரண்டு இரண்டாக, நாலு நாலாக, எட்டு எட்டாகச் சேர்த்து ஒவ்வொரு அளவிலும் மாறற்றிறனைப் பார்ப்பது. அது எங்கே உச்சம் காட்டுகிறதோ அதை ஒட்டியதே கூட்டத்தின் அளவு. வேலை அதிகம்தான், ஒரு நாளில் முடியாது. பெரிய மரங்களானால் சட்டத்தையே விட்டுவிட்டு, ஒவ்வொரு மரத்திலிருந்தும் அடுத்த மரத்துக்கு உள்ள தூரத்தை அளக்கும் கிளார்க்–எவன்ஸ் முறைக்குப் போய்விடுவேன். கன்றுக்கு அது சரிவராது, புல்லுக்குள் குனிந்து தூரம் அளந்து முடியாது.

வன்னியில் சட்டம் வைப்பதில் இன்னொரு தடையும் உண்டு. கண்ணிவெடி எச்சரிக்கைச் சிவப்புப் பலகை நிற்கும் பக்கம் எழுந்தமான எண் கொண்டுபோய் விட்டால் யாரும் போகக் கூடாது. அதற்காகப் பாதையோரமாகவே எல்லாச் சட்டத்தையும் வைத்துவிட்டால், பாதையோரத்து வெளிச்சத்தில் முளைத்ததை மட்டும் எண்ணியதாகிவிடும். துண்டையே முழுவதும் துப்புரவான நிலத்தில் தெரிவு செய்து, அதற்குள் எழுந்தமானமாக வைப்பதுதான் வழி. முடிவும் அந்தத் துண்டுக்கு மட்டும்தான்.

கடைசியாக, இரண்டு சுட்டிக்கும் இடம் தெரியாது. 9, 7, 5 என்ற எண்களை 20 சட்டங்களுக்குள் எப்படிக் குலுக்கிப் போட்டாலும் அதே 3.21, அதே 2.08. ஆகவே ஒவ்வொரு சட்டத்துக்கும் மூலையிலிருந்து எத்தனை மீட்டர் கிழக்கே, எத்தனை மீட்டர் வடக்கே என்பதையும் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்து கட்டத்தாளில் குறித்துப் பாருங்கள். 9ம் 7ம் 5ம் ஒரே பெரிய பாலையின் கிளை விரிவுக்குள் விழுந்திருந்தால் அது தாய்மரத்தின் அடியில் உதிர்ந்த பழமாக இருக்கலாம். துண்டின் மூன்று மூலையில் தனித்தனியாக, பக்கத்துச் சட்டங்கள் 0, 1 என்று இருந்தால், ஐயா சொன்ன கரடியைத் தேடிப் போகலாம்.