ஆர்க்டவுன்: படம் நல்லாத்தான் வருது, ஆனா…

பொள்ளாச்சியில் பி.எச்டி. பண்ணும் தோழி கேட்டாள்: "கட்டுரைகளை வாதப் படமாப் போட ஆர்க்டவுன் சரிப்படுமாடி?" பாலக்காட்டில் நர்சிங் மாணவிகளுக்கு ஆய்வுக் கட்டுரை வாசிக்கச் சொல்லித் தர நான் ரொம்ப நாளாக இதைத்தான் வைத்திருக்கிறேன். இது இலவசச் செயலி, எந்தக் கூற்று எதைத் தாங்குகிறது, எதை மறுக்கிறது என்று எழுதினால் படம் வரும் என்பதெல்லாம் அவளுக்கே தெரியும்.

எனக்குப் பிடித்தது அந்த `<_` குறி. ஆய்வாளர்கள் டாலும் ஹில்லும் 1950-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடித்தல் ஒரு முக்கியக் காரணி என்பது அவர்கள் முடிவு. அந்த நோய் வந்த 649 ஆண்களில் புகைக்காதவர் 2 பேர்தான். வேறு நோயோடு படுத்திருந்த 649 ஆண்களில் 27 பேர். வகுப்பில் உடனே ஒரு கை எழும்: "பேட்டி எடுத்தவங்களுக்கு யாருக்கு என்ன நோய்னு தெரியுமே மிஸ், துருவித் துருவிக் கேட்டிருப்பாங்க."

இந்த ஆட்சேபம் முடிவைப் பொய் என்று சொல்லவில்லை. அந்த எண்களிலிருந்து முடிவுக்குப் போக முடியாது என்கிறது. பெட்டி வரையும் செயலிகள் பலவற்றில் இரண்டுக்கும் ஒரே சிவப்பு அம்புதான். இங்கே இதற்கெனத் தனிக்குறி உண்டு.

பதிலும் கட்டுரையிலேயே இருக்கிறது. பேட்டியின்போது நுரையீரல் புற்று என்று கருதப்பட்ட சிலருக்குப் பிறகு அது இல்லை என்று தெரிந்தது. பேட்டி எடுத்தவர்களின் சாய்வுதான் காரணம் என்றால் அவர்களும் நோயாளிகளைப் போலவே அதிகம் புகைத்தவர்களாகப் பதிவாகியிருக்க வேண்டும். அவர்களுடைய பழக்கமோ ஒப்பீட்டுக் குழுவைப் போலிருந்தது. இதை எழுதினால் கீழே உள்ளதுபோல் வரும்: உள்ளே தள்ளிய ஒவ்வொரு வரியும் தனக்கு மேலுள்ளதைப் பற்றியது, `+` என்றால் ஆதரவு, `-` என்றால் மறுப்பு.

```argdown
[புகை ஒரு காரணி]
  <+ <649 ஆண்கள்>
    <_ <பேட்டியாளர் சாய்வு>
      <- <மாறிய நோயறிதல்>
```

எரிச்சல் கடைசி வரியில்தான். அதை ஒரு படி இடதுபுறம் தள்ளிப் பாருங்கள். சாய்வுக்குப் பதிலாக வந்த சான்று, 649 ஆண்களையே தாக்கும் எதிரியாகிவிடும். எழுத்திலக்கணப்படி அதுவும் சரி என்பதால் சிவப்புக் கோடு விழாது. படமும் ஒழுங்காகவே வரும். பெரிய கட்டுரையில் இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, ஒவ்வொரு அம்பையும் "இது எதை மறுக்கிறது?" என்று வாய்விட்டு வாசிப்பதுதான். சலித்துப்போகும்.

இன்னொன்று. புகைக்கும் நாட்டத்தையும் புற்றையும் ஒரே மரபுக்கூறு தரலாம் என்று புள்ளியியலாளர் ஃபிஷர் பின்னால் கிளப்பினாரே, அது எண்களை ஒப்புக்கொண்டு, தொடர்பிலிருந்து காரணத்துக்குத் தாவுவதைத்தான் பிடிக்கிறது. அதே தனிக்குறியால் அதைத் தொங்கவிடலாம். ஆனால் எந்த இடத்தைப் பிடிக்கிறது என்று படத்தில் தெரிய, "இரண்டுக்கும் பொதுவான வேறு காரணம் இல்லை" என்ற சொல்லாத முற்கூற்றை நாமே எழுதியாக வேண்டும். கட்டுரையில் தேடினால் அந்த வாக்கியம் கிடைக்காது. இந்தக் குறையைச் செயலி மேல் போடுவது நியாயமில்லை.

இவ்வளவு சொல்லியும் அவளுக்கு நான் கொடுத்த பதில்: "இப்போ வேண்டாம், பேப்பர்ல கையால வரை." நேற்று ராத்திரி வரித் தொடக்கத்தில் விட்டுப்போன ஒரு இடைவெளியைத் தேடியே என் தூக்கம் போய்விட்டது. அடுத்த வாரம் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ.