ஒரு லோகோ, 9 பச்சை: 18 மாதம் பயன்படுத்திய பிறகு

போன வாரம் பழைய நண்பர் ஒருவர் போன் செய்தார். அவர் அலுவலகத்தில் 4 பேர் சேர்ந்து சோஷியல் மீடியா போஸ்ட் போடுகிறார்களாம். "நீங்க வெச்சிருக்கிற டிசைன் டூல், எழுதிக் கொடுக்கிற டூல் ரெண்டும் எப்படிங்க, வாங்கலாமா?" என்று கேட்டார். இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. அதில் பாதி பச்சை நிறத்தைப் பற்றிய புலம்பல். அந்தப் புலம்பலைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

எங்களுடையது 14 கிளைகள் உள்ள பயிற்சி நிறுவனம். போஸ்ட் போடுபவர்கள் 23 பேர். ஒருவர்கூட டிசைனர் கிடையாது. வரவேற்பில் இருப்பவர், வகுப்பு ஒருங்கிணைப்பாளர், சில கிளைகளில் மேலாளரே. தலைமை அலுவலகத்தில் இருந்து பிராண்டைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நிறுவனத்தின் நிறம், லோகோ, எழுத்துருவை ஒரே இடத்தில் வைத்திருக்கும் பிராண்ட் கிட், டெம்ப்ளேட், ஒரு வரி எழுதினால் போஸ்டர் தயார் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த வசதிகள், அதற்குள் போகவில்லை.

எங்கள் பச்சையின் நிறக் குறியீடு #0B5D3B. கிட்டில் பச்சை என்று அது மட்டும்தான் இருக்கிறது. ஆறாவது மாதம் ஒரு நாள், பகிர்ந்த ஃபோல்டரில் அதுவரை சேர்ந்திருந்த 212 போஸ்ட்டுகளையும் சின்னச் சின்னப் படமாக ஒரே திரையில் பரப்பிப் பார்த்தேன். தனித்தனியாகத் திறந்தபோது எல்லாமே சரியாகத்தான் தெரிந்தன. பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் ஒரே சுவரை ஒன்பது பேர் ஒன்பது டப்பாவில் இருந்து அடித்த மாதிரி இருந்தது. எண்ணிப் பார்த்தேன், உண்மையிலேயே 9 பச்சை.

யாரோ கண்டபடி நிறத்தை மாற்றியிருக்கிறார்கள் என்று கோபத்தோடுதான் தேட ஆரம்பித்தேன். நடந்தது வேறு. ஒரு கிளையில், ஒரு வரி எழுதி டூலிடமே போஸ்டர் போடச் சொல்லியிருக்கிறார்கள். அது வகுப்புப் புகைப்படத்தில் இருந்து தானே நிறங்களை எடுத்து நீலமும் பழுப்புமாக ஒன்றைக் கொடுத்திருக்கிறது. அந்தப் பெண் பொறுப்பானவர். இது நம் நிறம் இல்லையே என்று திருத்த நினைத்திருக்கிறார். குரூப்பில் யாரோ அனுப்பியிருந்த லோகோ படத்தைப் பதிவேற்றி, அதன் மேல் நிறம் எடுக்கும் சொட்டானை வைத்துப் பச்சையை எடுத்திருக்கிறார். கிடைத்தது #0E6340.

அந்தப் படம் நாலு கை மாறி வந்த ஜேபெக். ஜேபெக் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, நிறத்தைத் தோராயமாக்கித்தான் சேமிக்கிறது. ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் அது மறுபடி சுருக்கப்படும். லோகோவின் நடுவில் எடுத்தால் ஒரு சாயல் தள்ளிப்போகும். ஓரத்தில் எடுத்தால் பின்னணி வெள்ளையும் கலந்து இன்னும் வெளிறும். அதே லோகோவில் இன்னொருவர் வேறு இடத்தில் சொட்டானை வைத்தால் இன்னொரு பச்சை. ஒருவரும் விதியை மீறவில்லை. விதியைக் காப்பாற்றப் போய்த்தான் மற்ற எட்டும் பிறந்தன.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. நிறப் பலகையைத் திறந்தால் பிராண்ட் கிட் நிறங்கள் ஒரு வரிசையாகவும், அந்த டிசைனில் உண்மையில் பயன்படுத்திய நிறங்கள் தனி வரிசையாகவும் வரும். இரண்டாவது வரிசையில் கிட்டில் இல்லாத வட்டம் ஒன்று இருந்தால் அது வழிதவறி வந்தது. கண்ணால் பார்த்து இது நம் பச்சைதானா என்று முடிவு செய்ய முயலவே கூடாது; நான் இரண்டு முறை தோற்றிருக்கிறேன்.

ஆனால் என் நிஜமான எரிச்சல் நிறம் இல்லை, நகல். அந்த ஒரு #0E6340 போஸ்ட்டில் இருந்து மட்டும் 31 போஸ்ட்டுகள் வந்திருந்தன. டெம்ப்ளேட்டைப் பூட்டி வைத்தேன், லோகோவை அசைக்க முடியாதபடி செய்தேன், 12 பக்க வழிகாட்டி எழுதினேன். எதற்கும் பயன் இல்லை. கடைசியில் ஒரு கிளையில் வரவேற்பில் இருக்கும் தம்பியிடம் போனில் கேட்டேன், ஏன்ப்பா டெம்ப்ளேட்டை எடுக்க மாட்டேங்கறீங்க என்று. "அக்கா, திறந்த உடனே போன வார போஸ்ட்தான் மேல நிக்குது. காப்பி எடுத்து தேதியை மாத்தினா ரெண்டு நிமிஷம். டெம்ப்ளேட் எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு தேடறதுக்குள்ள வகுப்பே முடிஞ்சிடும்" என்றான்.

நானே போய் எண்ணிப் பார்த்தேன். டெம்ப்ளேட்டை அடைய 5 கிளிக். போன வார போஸ்ட்டுக்கு ஒன்று. அவன் சொன்னதில் தப்பே இல்லை.

இந்த டூலில் எனக்குப் பிடிக்காத குணமும் இங்கேதான் இருக்கிறது. டெம்ப்ளேட்டில் நான் எதைத் திருத்தினாலும், அதில் இருந்து ஏற்கெனவே எடுத்த நகல்களுக்கு அது போய்ச் சேராது. நடுவில் எங்கள் சேர்க்கை போன் எண் மாறியது. டெம்ப்ளேட்டில் அன்றைக்கே மாற்றிவிட்டேன். 7 வாரம் கழித்தும் பழைய எண்ணோடு போஸ்ட் வந்துகொண்டிருந்தது, ஏனென்றால் அவை நகலின் நகலின் நகல். பச்சை ஒரு சாயல் தள்ளியிருந்தால் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. போன் எண் தப்பாக இருந்தால் மேலாளரே கூப்பிடுவார். கூப்பிட்டார்.

பிறகு செய்தது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு திங்கட்கிழமையும் போன வாரத்து முடிந்த போஸ்ட்டுகளை எல்லாம் வேறு ஃபோல்டருக்கு நகர்த்தி, அதைப் பார்க்க மட்டும் அனுமதி என்று ஆக்கிவிடுகிறேன். திறந்தால் மேலே நிற்பது 8 டெம்ப்ளேட்டுகள் மட்டும். பெயரும் "மாஸ்டர்_v4" இல்லை, "புதிய வகுப்பு", "விடுமுறை", "மாணவர் முடிவு" என்று அவர்கள் பேசுகிற பெயர். அடுத்த மூன்று மாதத்தில் பச்சை 9-ல் இருந்து 2-க்கு வந்தது. அந்த இரண்டாவது யாருடையது என்று தெரியும், சொல்ல மாட்டேன்.

ஒப்புதல் பட்டனை வைத்துப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். வைத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் 40 போஸ்ட் வரிசையில் நிற்கும், எல்லோரும் அவசரம் என்பார்கள், நானும் பார்க்காமலே சரி சரி என்று அமுக்குவேன். மூன்றே வாரத்தில் எடுத்துவிட்டேன். இப்போது திங்கட்கிழமை ஏதோ 10 போஸ்ட்டை எடுத்து நிறம், எழுத்துரு, எண் மூன்றை மட்டும் பார்க்கிறேன்.

எழுத்துரு என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் பிராண்ட் எழுத்துருவில் ஆங்கிலம் மட்டும்தான் உண்டு. தமிழில் தட்டினால் டூல் ஒன்றும் சொல்லாமல் தன்னிடம் இருக்கிற ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவைப் போட்டுக்கொள்ளும். பட்டியலில் பெயர் மட்டும் நம்முடையதாகவே காட்டும். ஒரு வருடம் இதைக் கவனிக்காமல் இருந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஒரு நாள் பழைய போஸ்ட்டைத் திறந்தால் வரிகள் எல்லாம் வேறு இடத்தில் உடைந்திருந்தன. அவர்கள் மாற்று எழுத்துருவை மாற்றிவிட்டிருக்க வேண்டும். இப்போது தமிழுக்கு என்றே Hind Madurai எழுத்துருவைக் கிட்டில் சேர்த்துவிட்டேன். தமிழும் ஆங்கிலமும் அதிலேயே இருப்பதால் நடுவில் கைமாறும் வேலை இல்லை. வரி இடைவெளியையும் 0.95-ல் இருந்து 1.3 ஆக்கினேன். ஆங்கிலப் பெரிய எழுத்துத் தலைப்புக்கு 0.95 அழகு. தமிழில் மேல் வரி 'ழு'வின் வாலும் கீழ் வரி 'கீ'யின் மேல் சுழியும் முட்டிக்கொள்ளும்.

இவ்வளவு திட்டிய பிறகு எழுதும் டூலைப் பற்றி நல்லதாகச் சொல்வது எனக்கே விசித்திரமாக இருக்கிறது. ஆரம்பத்தில் அதுதான் மோசம். எங்கள் தொனியை விளக்கி 6 பக்கம் எழுதிப் போட்டேன்: அன்பானது, நம்பகமானது, எளிமையானது. வந்தது என்ன? "உங்கள் கனவுகளை நனவாக்குங்கள்! இன்றே இணைந்திடுங்கள்!" 14 கிளையும் 14 ராக்கெட் படத்தோடு. அன்பான, நம்பகமான என்று எல்லா நிறுவனமும்தான் எழுதுகிறது. அந்தச் சொற்களில் இருந்து டூல் எங்களை மட்டும் எப்படிப் பிரித்துத் தெரிந்துகொள்ளும்?

கடுப்பில் 6 பக்கத்தையும் அழித்துவிட்டு இரண்டே விஷயங்களைப் போட்டேன். ஒன்று, டூல் எழுதிய 5 பத்திகளையும் அவற்றை நான் திருத்திய வடிவங்களையும் ஜோடியாக. உதாரணமாக, "எங்களின் தடையற்ற கற்றல் பயணத்தில் இணையுங்கள்" என்பதற்கு எதிரே "ஜூன் 3 முதல் மாலை வகுப்பு. 20 இடம்தான் இருக்கிறது". இரண்டு, எழுதக் கூடாத 31 சொற்கள்: கனவு, பயணம், தடையற்ற, சிறகு, நனவாக்கு, அடுத்த கட்டம், இப்படி. கூடவே பெயர்ப் பட்டியல் ஒன்று. மாணவர் என்றே எழுத வேண்டும், பயனர் என்றோ வாடிக்கையாளர் என்றோ கூடாது. வகுப்பு, செஷன் இல்லை. ஒரே போஸ்ட்டில் நீங்களும் நீயும் கலக்கக் கூடாது.

அடுத்த வாரமே எந்தக் கிளை எழுதியது என்று கண்டுபிடிக்க முடியாமல் போனது. இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான். தேதியும் இடங்களின் எண்ணிக்கையும் முதல் வரியிலேயே வந்தன. எழுதுபவர்களுக்கும் நிம்மதி, அந்தக் காப்பி எடுக்கும் தம்பியே, "இப்ப நாம பேசற மாதிரி இருக்குக்கா" என்றான். குறை இல்லாமல் இல்லை. 'கனவு' கூடாது என்றால் 'லட்சியம்' என்று வரும், 'லட்சியம்' என்பதையும் பட்டியலில் சேர்த்தால் 'இலக்கு' வரும். 31 இப்போது 46 ஆகிவிட்டது. நீளமாக எழுதச் சொன்னால் மூன்றாவது பத்தியில் இருந்து பழைய குணம் எட்டிப் பார்க்கும், அதனால் போஸ்ட் 40 சொல்லைத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறேன்.

ஆக, எழுதும் டூலுக்கு என் மனதில் நல்ல இடம்; டிசைன் டூல் மேல் இன்னும் கோபம். நண்பரிடம் இரண்டுமே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 4 பேர்தானே, ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே கோப்பைத் திறந்து செய்யுங்கள், நிறம் தப்பினால் பக்கத்தில் இருப்பவரே சொல்லிவிடுவார். "அப்ப நீங்க நிறுத்தப் போறீங்களா?" என்று கேட்டார்.

இல்லை. அதற்கு முந்தின நாள்தான் டிசைன் டூலை இன்னொரு வருடத்துக்குப் புதுப்பித்தேன், 5 பேரைக் கூடுதலாகச் சேர்த்து.