கழிவு விற்ற பணம் எந்தக் கணக்கில் சேர வேண்டும்? மூன்று முறைகளின் ஒப்பீடு

பினாங்கின் பிறைப் பகுதியில் நெகிழிப் பைகள் செய்யும் சிறு தொழிற்சாலை ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். எண்கள் விளக்கத்திற்காக நான் அமைத்தவை. மாதம் 10,000 கிலோ மூலப்பொருள் இயந்திரத்திற்குள் போகிறது. பொருள், கூலி, மின்சாரம், மேற்செலவு அனைத்தும் சேர்ந்து 76,600 ரிங்கிட் ஆகிறது. இயந்திரம் சூடேறும் நேரத்திலும், நிறம் மாற்றும்போதும், ஓரம் வெட்டும்போதும் நூற்றுக்கு 5 பங்கு, அதாவது 500 கிலோ, கழிவாவது இத்தொழிலில் தவிர்க்க முடியாதது. இதுவே சாதாரண இழப்பு. கழிவை மறுசுழற்சி வணிகர் கிலோ 1.20 ரிங்கிட்டுக்கு வாங்கிக்கொள்கிறார். முதல் மாதம் 9,300 கிலோ நல்ல பைகளும் 700 கிலோ கழிவும் கிடைத்தன. இரண்டாம் மாதம் செலவு மாறாமலேயே 9,650 கிலோ பைகள் கிடைத்தன, கழிவு 350 கிலோதான்.

இந்த இரு மாதங்களையும் கணக்கில் எழுத மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன. முதல் வழியில், கழிவு விற்ற பணம் முழுவதையும் ‘இதர வருமானம்’ என்று ஒதுக்கிவிட்டு, மொத்தச் செலவைக் கிடைத்த நல்ல பைகளின் எடையால் வகுக்கிறார்கள். இரண்டாம் வழியில், அந்தப் பணம் முழுவதையும், உற்பத்திச் செலவைத் திரட்டும் செயல்முறைக் கணக்கில் வரவு வைத்துவிட்டு, மீதியைக் கிடைத்த எடையால் வகுக்கிறார்கள். மூன்றாம் வழியில், சாதாரண இழப்பின் கழிவு மதிப்பை மட்டும் செயல்முறைக் கணக்கில் வரவு வைத்து, எதிர்பார்த்த எடையால் வகுத்து, அதற்கு மேற்பட்ட இழப்பையும் ஆதாயத்தையும் தனித்தனிக் கணக்குகளுக்கு மாற்றுகிறார்கள். ஒரு கிலோவின் அடக்க விலை ஒவ்வொரு வழியிலும் இவ்வாறு அமைகிறது:

| வழி | முதல் மாதம் | இரண்டாம் மாதம் |
|---|---|---|
| இதர வருமானம் | ரி. 8.24 | ரி. 7.94 |
| முழுவதும் செயல்முறைக் கணக்கில் | ரி. 8.15 | ரி. 7.89 |
| பிரித்து எழுதுதல் | ரி. 8.00 | ரி. 8.00 |

முதல் வழியை நீண்ட நேரம் விவாதிக்கத் தேவையில்லை. கழிவு பிறந்தது உற்பத்தியில்தான். அதன் விலை உற்பத்திச் செலவைக் குறைக்காமல் வேறிடத்தில் வருமானமாக நிற்கும்போது, விற்காத சரக்கின் மதிப்பு மிகைப்பட்டுவிடுகிறது. மெய்யான போட்டி இரண்டாம் வழிக்கும் மூன்றாம் வழிக்கும் இடையில்தான்.

இரண்டாம் வழிக்கு ஒரு நேர்மையான வலிமை உண்டு: செலவான பணத்திற்கும் வந்த பணத்திற்கும் அப்பால் எந்த மதிப்பீடும் அதில் இல்லை. ஆனால் முதல் மாதத்தின் 8.15 ரிங்கிட்டையும் அடுத்த மாதத்தின் 7.89 ரிங்கிட்டையும் பார்க்கும் முதலாளிக்கு, மூலப்பொருள் மலிந்ததா, கூலி குறைந்ததா, இயந்திரம் சீராக ஓடியதா என்பது விளங்காது. வீணான 200 கிலோவின் சுமை நல்ல பைகளின் விலைக்குள் கரைந்துபோய்விட்டது. அந்த 8.15 ரிங்கிட்டை வைத்து வாடிக்கையாளருக்கு விலை சொன்னால், நம் பழுதின் செலவை அவரிடம் கேட்பதாகிறது.

மூன்றாம் வழியில் கணக்கு இப்படி நகர்கிறது. 76,600 ரிங்கிட்டிலிருந்து 500 கிலோ சாதாரணக் கழிவின் மதிப்பான 600 ரிங்கிட்டைக் கழித்து, மீதி 76,000 ரிங்கிட்டை 9,500 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு 8 ரிங்கிட் வருகிறது. முதல் மாதம் எதிர்பார்த்ததைவிட 200 கிலோ குறைந்ததால், 1,600 ரிங்கிட் அசாதாரண இழப்புக் கணக்கில் பற்று எழுதப்படுகிறது. அந்த 200 கிலோவைக் கழிவாக விற்ற 240 ரிங்கிட் அதே கணக்கில் வரவாகிறது. மீதி 1,360 ரிங்கிட் இலாப நட்டக் கணக்கிற்குப் போகிறது. இந்த 200 கிலோவைக் கழிவு விலையான 1.20 ரிங்கிட்டில் மதிப்பிடுவது அடிக்கடி காணும் தவறு. அப்படிச் செய்தால், கழிவு விற்ற பணம் அதை அப்படியே ஈடுகட்டிவிட, நட்டமே இல்லாதது போல் தோன்றும். வீணான பையும் நல்ல பையைப் போலவே கூலியையும் மின்சாரத்தையும் உண்டுதான் உருவானது என்பதால், அதற்கும் முழு 8 ரிங்கிட்தான் விலை.

மலேசியாவில் பின்பற்றப்படும் சரக்குக்கான நிதி அறிக்கை நெறியான எம்.எஃப்.ஆர்.எஸ். 102-உம் இதையே கேட்கிறது: அளவுக்கு மீறி வீணான பொருள், கூலி, பிற உற்பத்திச் செலவுகள் சரக்கின் அடக்க விலையில் சேரக் கூடாது, அவை நேர்ந்த காலத்தின் செலவாகவே எழுதப்பட வேண்டும். தனியார் நிறுவனங்களுக்கான எம்.பி.இ.ஆர்.எஸ். நெறியிலும் இதே விதி உண்டு. ஆகவே இழப்பு நேர்ந்த மாதத்தில் மூன்றாம் வழியே சரியானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆதாயம் வந்த மாதம் அவ்வளவு எளிதன்று. கூடுதலாகக் கிடைத்த 150 கிலோவுக்கு 1,200 ரிங்கிட் செயல்முறைக் கணக்கில் பற்றாகவும், அசாதாரண ஆதாயக் கணக்கில் வரவாகவும் எழுதப்படுகிறது. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். சாதாரண இழப்புக் கணக்கு 600 ரிங்கிட்டை எதிர்பார்த்து நிற்கிறது, வணிகரோ 350 கிலோவுக்கு 420 ரிங்கிட்தான் தருகிறார். குறையும் 180 ரிங்கிட், கழிவாகாமல் நல்ல பையாகிவிட்ட அந்த 150 கிலோவின் கழிவு மதிப்பு. அதை ஆதாயக் கணக்கிற்கு மாற்றினால் நிகர ஆதாயம் 1,020 ரிங்கிட்டாக நிற்கும். மாற்ற மறந்தால், சாதாரண இழப்புக் கணக்கு மூடாமல் 180 ரிங்கிட் பற்று மீதியுடன் தொங்கும், அதுவே தவறைக் காட்டிக்கொடுக்கும். வணிகரின் எடைச் சீட்டில் உள்ள கிலோவும் நம் ஏட்டில் உள்ள கழிவுக் கிலோவும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதும் அவசியம். ஒத்துப்போகாவிட்டால், எடை பார்த்தது தவறாக இருக்கலாம், அல்லது கழிவு கணக்கில் வராமல் வெளியே போயிருக்கலாம்.

இப்போது இரு வழிகளையும் மீண்டும் ஒப்பிடுங்கள். இரண்டாம் மாதச் சரக்கின் மதிப்பு மூன்றாம் வழியில் 77,200 ரிங்கிட், இரண்டாம் வழியில் 76,180 ரிங்கிட். இடைவெளி அந்த 1,020 ரிங்கிட்டேதான். அதாவது, பைகள் விற்கப்படும் முன்பே மூன்றாம் வழி ஓர் இலாபத்தை எழுதிவிடுகிறது, சரக்கும் உண்மையாகச் செலவானதைவிட உயர்ந்த மதிப்பில் நிற்கிறது. மாதாந்தர மேலாண்மைக் கணக்கிற்கு அதனால் கேடில்லை, மேற்பார்வையாளரின் திறமை கண்ணில் படுவது நல்லதே. ஆனால் ஆண்டு முடிவில் அந்தப் பைகளில் பாதி விற்காமல் கிடந்தால், ஆதாயத்தின் பாதியான 510 ரிங்கிட்டைச் சரக்கு மதிப்பிலிருந்து குறைப்பதுதான் முறை. இழப்பை உடனே செலவாக எழுதலாம். ஆதாயத்தை அதே வேகத்தில் இலாபமாக எழுத முடியாது. பாடக் கணக்குகள் இரண்டையும் ஒரே அச்சில் வார்ப்பதால் இந்த வேறுபாடு பெரும்பாலும் கவனத்திற்கு வருவதில்லை.

மூன்றாம் வழி முழுவதும் அந்த 5 விழுக்காட்டை நம்பியே நிற்கிறது. இயந்திரத்தைப் புதுப்பித்த பிறகும் பழைய விழுக்காட்டையே வைத்திருந்தால் மாதந்தோறும் ஆதாயம் வரும், அது எவருடைய திறமையும் அன்று. ஒரே பக்கமாகத் தொடர்ந்து மூன்று நான்கு மாதங்கள் இழப்போ ஆதாயமோ வந்தால், அண்மைய மாதங்களின் எடைக் குறிப்புகளைக் கொண்டு விழுக்காட்டைத் திருத்த வேண்டும். எடைக் குறிப்பே வைக்காத தொழிற்சாலை, அதைத் தொடங்கும் வரை இரண்டாம் வழியில் இருப்பதே மேல், ஏனெனில் ஊகித்த விழுக்காட்டில் பிறக்கும் அசாதாரண இழப்பு எதையும் அளப்பதில்லை.